பாக்கெட்டில் இருந்தது நீக்கம்

"செவ்வாய், மாலை 6.10. ஆண், வயது முப்பத்து நான்கு. அரைக்கைச் சட்டை, வெள்ளையில் மெல்லிய நீலக் கோடு. இடது பையில் பேனா இரண்டு, பர்ஸ் ஒன்று, அதன் பின்னால் போன் ஒன்று. நான்கும் நீக்கம். அடித்துணி சமன் செய்யப்பட்டது. தாயார் உடனிருந்தார்."

என் வேலைக் குறிப்பேட்டில் உள்ள பதிவு இது. தேதியும் ஆண்டும்கூட இருக்கின்றன. சம்பந்தப்பட்டவர்கள் கூப்பிடு தூரத்தில் குடியிருப்பதால் அவற்றை மட்டும் விட்டுவிடுகிறேன். தேதி போடாமல் ஒன்றை எழுதுவது எனக்குச் செருப்பில்லாமல் கடைத்தெருவுக்குப் போவதைப் போல. இந்தப் பதிவில் பிழையும் இருக்கிறது. அது தெரியவந்தது வெள்ளிக்கிழமைதான்.

நெய்வேலி டவுன்ஷிப் கடைத்தெருவில் ஒரு சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். படம் எடுப்பதைவிட, எடுத்து வந்த படத்தைச் சரிசெய்து கொடுப்பதுதான் இப்போது அதிகம். அதிலும் பெரும்பகுதி சட்டைப்பை. எங்கள் ஊர் ஆண்கள் உடம்பில் அதிகம் உழைக்கும் உறுப்பு அதுதான். கேட் பாஸ், பேனா, போன், பர்ஸ், பிரஷர் மாத்திரை அட்டை, மடித்த கரண்ட் பில், எல்லாம் அங்கேதான். பேன்ட்டில் நான்கு பை தைத்திருந்தாலும் அவை காலியாகவே இருக்கும். ரிடையர்மென்ட் பார்ட்டி குரூப் போட்டோவை ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு வரிசை ஆண்கள், எல்லாருக்கும் இடது பக்கம் மட்டும் முன்னுக்குத் தள்ளியிருந்தது.

எதை எந்தப் படத்திலிருந்து எடுத்தேன் என்று நான் எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. ஒருவர் தன் பேனாவை எடுக்கச் சொல்லிவிட்டு, மறுவாரம் வந்து, "என் பேனா எங்க?" என்று சண்டை போட்டார். அன்று முதல் குறிப்பேடு. பிறகு கோப்பின் பெயரிலும் அதையே எழுதும் பழக்கம் வந்தது. அந்தப் பழக்கம்தான் இந்தக் கதையில் என்னை மாட்டிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தவர்கள் வடக்குத்து ஊரில் இருந்து ஒரு தாயும் மகனும். மகன் மைன்ஸில் பெர்மனென்ட். வேலை பெர்மனென்ட் ஆன பிறகும் கல்யாணம் மட்டும் கான்ட்ராக்டிலேயே நிற்கிறது என்று அவரே சொல்லிச் சிரித்தார். பத்து இடம் தட்டிப்போய், இப்போது சேத்தியாத்தோப்பில் ஒரு பெண் பொருந்தி வந்திருக்கிறது. ஜாதகம் ஒத்துவிட்டது. படம் கேட்கிறார்கள்.

அந்த அம்மாள் முந்தானையை வாயருகே பிடித்தபடியே பேசினார். சொற்களுக்கு நடுவே சில சமயம் 'டக்' என்று ஒரு சிறு சத்தம் கேட்டது. நாற்காலிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

"புதுசா ஒண்ணு எடுத்துடலாமேம்மா" என்றேன்.

"எடுத்தா கேட் பாஸ்ல இருக்கற மூஞ்சிதான் வரும் தம்பி. மூணு ஸ்டூடியோவுல எடுத்துட்டேன். போலீஸு தேடற மாதிரியே நிக்கிறான். இதுல பாரு, சிரிச்சிகினு இருக்கான். இவன் சிரிச்ச போட்டோ இது ஒண்ணுதான்."

உறவினர் வீட்டுக் குடிபோகும் விசேஷத்தில் யாரோ எடுத்த படம் அது. முகம் உண்மையாகவே நன்றாக இருந்தது. கழுத்துக்குக் கீழேதான் பிரச்சினை. இரண்டு பேனாக்கள் எட்டிப் பார்க்க, பை ஒரு பக்கமாக உப்பி, தோள் வரை துணி இழுத்துக்கொண்டிருந்தது.

"பேனா இருந்தா இருந்துட்டுப் போவட்டும். அந்தப் பொடப்பு மட்டும் இருக்கக் கூடாது" என்றார் அம்மாள்.

"யம்மா, அது இருந்தா என்னா இப்ப?" என்றார் மகன்.

"நீ சும்மா இரு."

முப்பத்து நான்கு வயதுப் பெர்மனென்ட் ஊழியர் சும்மா இருந்தார்.

இந்த வேலையை வெளியில் இருந்து பார்ப்பவர்கள் ரப்பர் வைத்து அழிப்பது போல நினைக்கிறார்கள். பொருளை எடுப்பது கால்வாசி வேலை. அந்தப் பொருள் துணிக்குச் செய்துவிட்டுப் போயிருக்கும் கொடுமையைச் சரிசெய்வதுதான் மீதி. உப்பிய இடத்தில் வெளிச்சம் படும் பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் நிழலாகவும் இருக்கும். பையின் வாய் திறந்து கருப்பாய் ஒரு கோடு தெரியும். கோடு போட்ட சட்டை என்றால் தொலைந்தோம். கோடுகள் மேட்டில் ஏறி இறங்கும் சாலை போல வளைந்திருக்கும்.

முதலில் படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொள்வேன். மூலத்தைத் தொடுவதில்லை. பேனாவின் கிளிப் பையின் விளிம்பை மறைத்திருக்கும். பக்கத்துத் தையலை நகலெடுத்து, தையல் தையலாக அந்த விளிம்பை மறுபடி கட்ட வேண்டும். அடுத்து, படத்தை இரண்டு அடுக்காகப் பிரிப்பேன். ஒன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும். இன்னொன்றில் நூலும் கோடும் மட்டும். வெளிச்ச அடுக்கில் மெத்தென்ற தூரிகையால் மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். நூல் அடுக்கில் வளைந்த கோடுகளை நிமிர்த்தி, போதாத இடத்துக்குப் பைக்குக் கீழிருந்து துணி எடுத்து ஒட்ட வேண்டும்.

சட்டையின் மறுபாதியைத் திருப்பி ஒட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஆரம்பத்தில் நானும் செய்திருக்கிறேன். வலப்பக்கத்து நிழலும் திரும்பி வந்துவிடும். ஒரே நெஞ்சுக்கு இரண்டு சூரியன். இப்போது கணினியே நொடியில் நிரப்பித் தருகிறது என்பதும் உண்மைதான். நான் கேட்டபோது அது பைக்குள் இன்னொரு பை வைத்துக் கொடுத்தது.

இன்னொன்று: எல்லா மடிப்பையும் தேய்த்துவிடக் கூடாது. ஒன்றிரண்டை விட வேண்டும். இல்லையென்றால் ஆள் பிளைவுட்டில் சட்டை மாட்டியது போல இருப்பார். அன்று, பேனா மட்டும் தனியாக நின்றால் நன்றாக இருக்காது என்று அதையும் சேர்த்தே எடுத்தேன். தோளுக்குப் போன இழுப்பையும் எடுத்தேன். அக்குள் பக்கத்து மடிப்பை விட்டேன். அம்மாள் கண்ணாடி போடாமல் திரையின் மேல் மூக்கை வைத்துப் பார்த்து, "இப்பதான் மாப்ள மாதிரி இருக்கான்" என்றார்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நசுக்கி அனுப்பும். நான் செய்த நூல் வேலை எல்லாம் கூழாகிவிடும். ஆகையால் டாக்குமென்டாகவே அனுப்புவது என் வழக்கம். டாக்குமென்டாகப் போனால் கோப்பின் பெயரும் கூடவே போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அத்தனை வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். அம்மாளின் போனுக்குப் போனது அங்கிருந்து அப்படியே சேத்தியாத்தோப்புக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஒரு பெரியவரும் ஒரு பெண்ணும் கடைக்குள் வந்தார்கள். பெரியவர் வேட்டி சட்டையில். பெண்ணுக்கு முப்பதுக்கு உள்ளே இருக்கும், தோளில் கைப்பை.

"சட்டையில கை வச்சது நீதானா?" என்றார் பெரியவர்.

எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் தன் போனை நீட்டினாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார். மேலே கோப்பின் பெயர்: 'செவ்வாய்_610_பாக்கெட்டில்_இருந்தது_நீக்கம்_இறுதி'. படத்தின் கீழ் மூலையில் எப்போதும் நான் போடும் கடை முத்திரை.

அவள்தான் மணப்பெண். சேத்தியாத்தோப்பில் ஒரு பல் கிளினிக்கில் கவுன்ட்டரில் இருக்கிறாள். பெரியவர் தாய்மாமன். அப்பா இல்லாததால் இவர்தான் எல்லாம்.

"என்னா இருந்துது பாக்கெட்ல? என்னாத்த எடுத்த?"

"பேனாங்க. போன், பர்ஸ்."

"போன எதுக்குய்யா மறைக்கணும்? ஊர்ல ஆடு மாடு மேய்க்கறவன் வரைக்கும் போன் வச்சிருக்கான். சிகரெட்டு பாக்கெட்டுதான?"

"இல்லைங்க, நீக்கறது அழகுக்காக…"

"அழகுக்குன்னா மூக்க நீக்கியிருக்கலாம்ல?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "எங்கப்பா இருமி இருமியே போனாருங்க" என்றாள். "அதனால சிகரெட் குடிக்கறவங்க வேணாம்னு மொதல்லயே சொல்லியிருந்தோம். அவங்க அம்மா, பையன் தொடவே மாட்டான்னாங்க. தொடலன்னா எதுக்கு எடுக்கணும்? அத மட்டும் தெரிஞ்சிகினு போயிடறோம்."

என் கோப்பின் பெயரால் ஒரு கல்யாணம் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தது. மூலப் படம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அது வாடிக்கையாளருடையது. அவரைக் கேட்காமல் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளைக்கு போன் போட்டேன். முதல் ஷிப்ட் முடிந்து வீட்டில் இருந்தார். கால் மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். பின்னால் அம்மாள்.

அம்மாள் சம்பந்திகளுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே என்னிடம் வந்தார். "எடுக்கச் சொன்னா எடுக்கணும் தம்பி. எடுத்தத எழுதி அனுப்புவியா? திருடன் போன வூட்டுல சீட்டு எழுதி வெச்சிட்டா போவான்?"

நான் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மாப்பிள்ளை சம்மதித்தார். மூலப் படத்தைத் திரையில் திறந்தேன். சட்டைப்பை திரை முழுவதும் நிறைந்தது. ஐந்து பேரும் ஒரு பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இதாங்க போனு" என்றார் மாப்பிள்ளை, விரலை வைத்து.

"போட்டோ யார் போன்ல எடுத்தது?" என்றாள் பெண். மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்னுதுலதான். சித்தப்பா பையன் எடுத்து…" என்று சொல்லி அவர் நிறுத்தினார்.

படம் எடுத்துக்கொண்டிருக்கும் போன் பைக்குள் இருக்க முடியாது. நான் குறிப்பேட்டை எடுத்து 'போன் ஒன்று' என்பதை அடித்தேன். யாரும் கேட்கவில்லை. என்னால் அடிக்காமல் இருக்க முடியவில்லை.

"ரெண்டு போனு வச்சிருக்கியா?" என்றார் மாமன்.

"இல்லைங்க."

"அப்ப சிகரெட்டு. ஊது பாப்பம்."

"மாமா, கடையில வச்சி ஊத சொல்லாதீங்க" என்றாள் பெண்.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அம்மாள் முந்தானையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த பாஸ்போர்ட் அளவுப் படங்களைப் பார்த்தார். மகன் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.  பத்து இடம் தட்டிப்போனவர். வாயைத் திறந்து ஒரு பொருளின் பெயரைச் சொன்னால் முடிந்துவிடும் காரியத்துக்கு ஏன் இப்படி நிற்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அளந்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். சட்டையின் முன்பித்தான் திரையில் தெரிகிறது. பித்தானின் அளவு தெரிந்தால் அதை வைத்து அந்தப் பொருளின் அகலத்தைக் கணக்கிடலாம். அந்தச் சட்டையையே கொண்டுவரச் சொல்ல நேரமில்லை. என் சட்டைப் பித்தானில் ஸ்கேலை வைத்தேன். பதினொரு மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் பையில் இருந்தது ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் அகலம். துணி மூடியிருப்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்றும் சொன்னேன்.

"சிகரெட் பாக்கெட் எவ்வளவு அகலம்?" என்றாள் பெண்.

"ஒண்ணு இருந்தா வச்சிப் பாத்துடலாம்" என்றேன்.  அவள் மாமனைப் பார்த்தாள். மாமன் மின்விசிறியைப் பார்த்தார்.

"மாமா."

"என்னா?"

"குடுங்க."

மாமன் தன் சட்டைப்பையில் இருந்து, போனுக்கும் பர்ஸுக்கும் பின்னாலிருந்து, ஒரு பாக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தார். "வயித்துல கேஸு தொந்தரவு. டாக்டர் சொல்லிதான்…" என்றார். எந்த டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அளந்தேன். ஐந்தரை சென்டிமீட்டர்.

சிகரெட் இல்லை என்பது உறுதி. ஆனால் என்ன என்பது இல்லை. படத்தின் அந்த இடத்தில் மட்டும் நிறத்தைத் தூக்கிக் காட்டினேன். வெள்ளைத் துணி மெல்லியது. உள்ளே இருப்பதன் நிறம் கொஞ்சம் வெளியே கசியும். இளஞ்சிவப்பு தெரிந்தது. மேல் விளிம்பும் நேராக இல்லை. பாதி நிலா போல வளைந்திருந்தது. பர்ஸ் அப்படி இருக்காது. குறிப்பேட்டில் 'பர்ஸ் ஒன்று' என்பதையும் அடித்தேன்.

பெண் குனிந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தாள்.

"இது எங்க கிளினிக்குல குடுக்கற…" என்றவள் நிறுத்தினாள்.

மெல்ல நிமிர்ந்து அம்மாளைப் பார்த்தாள். முந்தானையைப் பார்த்தாள். அம்மாள் பாஸ்போர்ட் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில், அவர் எதுவும் பேசாமலேயே, 'டக்' என்ற அந்தச் சத்தம் கேட்டது. நாற்காலியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்தேன். அந்த 'டக்' அம்மாளின் பல் செட் போட்ட சத்தம். விசேஷ வீட்டில் அது ஈறில் குத்தியிருக்கும். கழற்றி அதற்குரிய டப்பாவில் போட்டு, கைப்பை எதுவும் கொண்டுபோகாத அம்மாள், மகனின் பையில் போட்டிருப்பார். மகன் அதைச் சுமந்துகொண்டு சிரித்திருக்கிறார். இப்போது அம்மாவுக்குப் பல் செட் என்று சம்பந்தி முன்னால் சொல்வதைவிடப் பதினோராவது இடமும் தட்டிப்போகட்டும் என்று நிற்கிறார்.

"ஒங்க கிளினிக்குல என்னா குடுக்கறது?" என்றார் மாமன்.

"கிளினிக்குல கை கழுவற எடத்துல இருக்குது மாமா, இதே மாதிரி" என்றாள் பெண். "சோப்பு டப்பா."

"ஆமாங்க!" என்றார் மாப்பிள்ளை. கடையே அதிர்ந்தது. "சோப்பு டப்பாதாங்க!"

"ஷிப்ட் முடிஞ்சி குளிக்கறவங்க வச்சிருப்பாங்கல்ல" என்றாள் பெண், அவருக்கு எடுத்துக் கொடுப்பது போல.

"ஆமாங்க. கரி, புழுதி. குளிக்காம வூட்டுக்கு வர முடியாதுங்க."

மாமனுக்கு நம்பிக்கை வரவில்லை. "குடிபோற விசேஷத்துக்கு சோப்பு டப்பாவ நெஞ்சுல வச்சிகினாய்யா போவ?"

"ஷிப்டுல இருந்து நேரா வந்தேங்க."

"ரெண்டு பேனாவோட?"

"விடுங்க மாமா" என்றாள் பெண். "சுத்தபத்தமான ஆளுன்னு நெனச்சிக்குங்க. ஒங்க பாக்கெட்டுக்கு அது எவ்வளவோ தேவல."

 மாமன் தன் சிகரெட் பாக்கெட்டை எடுத்து மறுபடி பையில் வைக்கப் போனார். அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டார். அம்மாள் திரும்பி வந்து, முதல்முறையாக அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். "காப்பி சாப்டறியாம்மா?" என்றார். அவளும் "சாப்டறேன் அத்த" என்றாள். 'அத்தை' என்ற சொல் அன்று நாலு மணி முப்பத்தைந்துக்குச் சொல்லப்பட்டது. அதைக் குறித்துவைத்திருக்கிறேன். மாமன் அதைக் கேட்டுவிட்டு, "சரி, தட்ட மாத்திக்க ஒரு நாள் பாருங்க" என்றார்.

கல்யாணம் வடலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் போயிருந்தேன். கோப்புகளுக்கு இப்போதெல்லாம் எண் மட்டும்தான் வைக்கிறேன்.

சில மாதங்கள் கழித்து அந்தப் பெண் ரேஷன் கார்டு வேலைக்காகப் படம் எடுக்க வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று, "அன்னைக்கு அந்த சோப்பு டப்பா…" என்று ஆரம்பித்தேன்.

"பாக்கெட்ல இருக்கறத எடுக்கறதோட ஒங்க வேல முடிஞ்சிதுல்லங்க?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு நேராக உட்கார்ந்து, "காது ரெண்டும் தெரியணுமாம், பாத்து எடுங்க" என்றாள்.

அளவு ஒத்துவருகிறது. நிறமும், விளிம்பின் வளைவும் ஒத்துவருகின்றன. ஆனால் அதே அளவில், அதே இளஞ்சிவப்பில், அதே வளைவோடு சோப்பு டப்பாக்களும் எங்கள் கடைத்தெருவில் தொங்குகின்றன. இரண்டு கடைகளில் பார்த்தேன். மாப்பிள்ளை அந்த விசேஷ நாளில் ஷிப்டில் இருந்தாரா, விடுப்பில் இருந்தாரா என்பதை விசாரிக்க எனக்கு வழியில்லை. அந்தப் பையில் இருந்தது பல் செட் டப்பா என்பது என் ஊகம் மட்டுமே. இதுவரை சரிபார்க்கப்படவில்லை.